மூணு சுழியா, ரெண்டு சுழியா?

முகூர்த்தம் நெருங்கினால் நிலக்கோட்டையில் இரண்டு இடத்தில் கூட்டம் கூடும். ஒன்று பூ மார்க்கெட், இன்னொன்று அச்சகம். மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறும். அச்சகத்தில் குரல் ஏறும். பத்திரிகை அடிக்க வந்தவர் ஒன்று சொல்ல, கணினி முன் இருக்கும் பையன் வேறொன்றைத் தட்ட, கடைசியில் அந்தக் கேள்வி வந்துவிடும்: “அண்ணே, இதுக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா?”

அந்தக் கேள்வியிலேயே ஒரு வேடிக்கை உண்டு. பேச்சில் ‘மூணு’ என்று மூன்று சுழி ணகரத்தைச் சொல்கிறோம். எழுதும்போது அது ‘மூன்று’, இரண்டு சுழி. ‘ரெண்டு சுழி’ என்று எந்த எழுத்தைக் குறிக்கிறோமோ, அதன் பெயரில் ட-வுக்கு முன்னால் மூன்று சுழி ண் உட்கார்ந்திருக்கிறது. காதை மட்டும் நம்பி இந்த எழுத்துகளைத் தீர்மானிக்கப் போனால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

ஒரு நாள் என் கைக்கு வந்த மெய்ப்பில் இப்படி இருந்தது: ‘நிகழும் உத்தராயனம், ஆணி மாதம் … சுபதினத்தில் … இன்னன்னாளில் மணமக்களை மணமார வாழ்த்த உற்றார் உறவினர், நண்பர்கள் அணைவரும் வருக.’ ஐந்து பிழைகள். ஐந்தும் ந, ண, ன குழப்பம். ஆனால் ஐந்தும் ஒரே வகைப் பிழை அல்ல. ஒவ்வொன்றையும் வேறு வேறு வழியில்தான் பிடிக்க முடியும். அந்த வழிகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் எழுத்துகள் நெடுங்கணக்கில் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ட-வை அடுத்து ண, த-வை அடுத்து ந, ற-வை அடுத்து ன. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த பெயர்கள் இந்த ஜோடிகளிலிருந்து வந்தவை. ஜோடி என்பது வாயில் நாக்கு தொடும் இடம். த-வுக்கும் ந-வுக்கும் நாக்கு பல்லைத் தொடுகிறது. ட-வுக்கும் ண-வுக்கும் நுனி மேலே மடிகிறது. பழைய உச்சரிப்பில் ற-வுக்கும் ன-வுக்கும் பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொட்டது. இன்றைக்குப் பெரும்பாலோர் வாயில் ந-வும் ன-வும் ஒன்றாகிவிட்டன. ‘நான்’ என்ற சொல்லின் முதல் ஒலிக்கும் கடைசி ஒலிக்கும் வேறுபாடு சொல்லச் சொன்னால் திணறுவார்கள். எழுத்தில் மட்டும் வேறுபாடு நிற்கிறது.

இந்த ஜோடிகள் பாதி வேலையை முடித்துவிடும். ஒரு சொல்லுக்குள் ட-வுக்கு முன் மெய்யாக வருவது ண் மட்டுமே, த-வுக்கு முன் ந் மட்டுமே, ற-வுக்கு முன் ன் மட்டுமே. திண்டுக்கல், வத்தலக்குண்டு இரண்டிலும் சந்தேகத்துக்கே இடமில்லை. சந்தை, நந்தியாவட்டை, செவ்வந்தி ஆகியவற்றிலும் இல்லை. குன்று, கன்று, தென்றல் எல்லாம் அப்படியே. சொல்லின் முதல் எழுத்தாகத் தமிழில் ந மட்டுமே வரும். நிலக்கோட்டையை வேறு எந்த எழுத்தைக் கொண்டும் தொடங்க முடியாது. சொல்லின் கடைசியில் இதற்கு நேர்மாறு. அங்கே ண், ன் இரண்டும் வரும். ந் கொண்டு முடியும் சொல் பொருந், வெரிந் என்ற இரண்டுதான் என்று தொல்காப்பியமே எண்ணிக் கணக்குக் காட்டிவிட்டது. அந்த இரண்டும் இன்று வழக்கில் இல்லை. தொல்காப்பியத்துக்கு வெகுகாலம் கழித்து, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூலிலும் இந்த இட ஒழுங்கு பெரிய மாறுதல் இல்லாமல் தொடர்கிறது.

ஒழுங்கு எவ்வளவு பழையது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வைகைக் கரையிலேயே, தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அங்கே தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல்லில் ‘அந்தவன்’ என்ற பெயரை வாசித்திருக்கிறார்கள். த-வுக்கு முன் ந், சொல்லின் கடைசியில் ன். வடக்கே வழங்கிய பிராமியில் ன-வுக்கு எழுத்தே கிடையாது. ழ, ள, ற ஆகியவற்றோடு ன-வுக்கும் தனி வடிவத்தைத் தமிழுக்காகவே உண்டாக்கினார்கள்.

பிறமொழிச் சொல் வரும்போது இந்த ஜோடி விதி கொஞ்சம் தடுமாறும். நிலம் அளக்கும் ‘சென்ட்’டை எப்படி எழுதுவது என்று பத்திரப் பதிவுக்கு எழுதுபவர்களிடம் கேட்டால் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். பத்திரிகைகளில் ‘சென்ட்’ என்பதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. தமிழ் நாக்கு ட-வைச் சொல்ல மடிந்துவிட்ட பிறகு ன்-ஐச் சொல்ல முடியாது என்பதால் ‘செண்ட்’ என்பதே என் கட்சி. ஆனால் இதற்காக அச்சகத்தில் சண்டை போட மாட்டேன்.

ஆக, சொல்லின் முதலும் ட, த, ற ஆகியவற்றின் முன்னிடமும் கழிந்துபோயின. மீதி இருப்பது மூன்று இடங்கள்: இரட்டித்து வரும் இடம், இரண்டு உயிருக்கு நடுவில் வரும் இடம், சொல்லின் கடைசியும் க, ப, ம, வ போன்றவற்றின் முன்னும். பத்திரிகையின் ஐந்து பிழைகளும் இந்த மீதியில்தான் இருக்கின்றன.

இரட்டிப்பில் தொடங்குவோம். ண்ண, ந்ந, ன்ன என்று வரும் சொல் பெரும்பாலும் இரண்டு சொல் ஒட்டியது. ஒட்டை அவிழ்த்தால் எழுத்து தானாக விழும். நல்ல உதாரணம் ‘நீர்’ குடும்பம். தண்ணீர், வெந்நீர், பன்னீர் மூன்றிலும் பின்னால் நிற்பது ஒரே ‘நீர்’. பேச்சில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் முடிகின்றன. எழுத்தில் மட்டும் ஏன் மூன்று விதம்?

முன்னால் நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது. தண் + நீர் என்பதில் முன்சொல் ண்-இல் முடிகிறது. நாக்கு மேலே மடிந்த நிலையில் நிற்கும்போது பின்னால் வரும் ந-வும் அதே மடிப்புக்குப் போய் ண ஆகிறது: தண்ணீர். கண் + நீர் கண்ணீர் ஆனதும், வெண் + நெய் வெண்ணெய் ஆனதும் இப்படியே. முன்சொல் ள்-இல் முடிந்தாலும் இதே கதை. எள் + நெய் என்பதுதான் எண்ணெய். ள் சொல்லவும் நாக்கு மடிகிறதல்லவா?

பன்னீர் பனி + நீர். நடுவில் இருந்த இகரம் தேய்ந்து பன் + நீர் ஆகி, ன்-இன் இடத்துக்கு ந இழுபட்டது. மலையாளத்தில் இன்றும் முழுசாகப் ‘பனிநீர்’ என்றே சொல்கிறார்கள். ரோஜாவுக்கும் அதையே ஒட்டிப் பனிநீர்ப்பூ என்று பெயர். நிலக்கோட்டை மார்க்கெட்டில் பன்னீர் ரோஸ் கூடையின் மேல் செருகிய அட்டையில் ‘பண்ணீர்’ என்று எழுதியிருந்தால் அது பனியை மறந்த எழுத்து. ல்-இல் முடியும் சொல்லும் ன்-இன் பக்கம் சேரும். நல் + நாள் நன்னாள், பல் + நாடு பன்னாடு.

வெந்நீர் மூன்றாவது வகை. வெம்மை + நீர். ‘மை’ போனபின் வெம் + நீர். ம் உதட்டெழுத்து, அதற்கு ந-வை இழுக்கும் பலம் இல்லை. அதுவே வளைந்து ந் ஆகிவிடுகிறது. செம்மை + நீர் செந்நீர், செம்மை + நெல் செந்நெல். டீக்கடைப் பலகைகளில் ‘வென்னீர்’ என்றும் ‘வெண்ணீர்’ என்றும் பார்த்திருக்கிறேன். வெண்ணீர் என்று எழுதினால் வெள்ளை நீர் என்று பொருள் விரியும். பால் கலந்து கொடுத்தால் வேண்டுமானால் சரி.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்க்கலாம். தொண்ணூறு ண்ண, அதற்குள் ‘தொள்’ இருக்கிறது, தொள்ளாயிரத்தில் அது வெளிப்படையாகவே தெரிகிறது. முந்நூறு ந்ந. ‘மூன்று’ குறுகி ‘மு’ என்று உயிரில் முடிவதால், பின்னால் வரும் ந இரட்டிக்கிறது. வேறு எழுத்தாக மாறுவதற்கு அங்கே யாரும் இல்லை. ‘முன்னூறு’ என்று எழுதினால் முன் + நூறு, அதாவது முந்தைய நூறு. ‘மல்லி கிலோ முன்னூறு’ என்று சிலேட்டில் எழுதியிருப்பதை யாரும் தப்பாகப் படிக்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ‘முன்னாள்’ என்பதையும் ‘முந்நாள்’ என்பதையும் அப்படி விட முடியாது. முன்னாள் தலைவர் வேறு, முந்நாள் திருவிழா வேறு.

இப்போது பத்திரிகையின் ‘இன்னன்னாளில்’. உள்ளே மூன்று துண்டுகள்: இ, நல், நாள். வலப்பக்கத்திலிருந்து அவிழ்ப்பதுதான் எளிது. நல் + நாள், முன்சொல் ல்-இல் முடிவதால் நன்னாள். அதற்கு முன்னால் சுட்டெழுத்து இ. அது உயிர், அதற்குப் பின் ந அப்படியே இரட்டிக்கும். ஆகவே இந்நன்னாளில். ஒரே சொல்லில் ந்ந-வும் ன்ன-வும் அடுத்தடுத்து நிற்கின்றன. பையனிடம் இதை எழுதிக் காட்டியபோது, “இதுல எது எதுன்னு யாருண்ணே பாக்கப்போறா” என்றான். பத்திரிகையை மணப்பெண் வீட்டுத் தமிழாசிரியர் பார்ப்பார் என்றேன். திருத்திவிட்டான்.

ஒட்டை அவிழ்க்கும் சோதனையிலிருந்து இன்னொரு குறுக்குவழியும் கிடைக்கிறது. இரண்டு உயிருக்கு நடுவே இரட்டிக்காத தனி ந வந்தால், அந்த இடத்தில் ஒட்டு இருக்கிறது என்று பொருள். இளநீர், தேநீர், திருநீறு, மாநிலம், விநாயகர், அநீதி எல்லாவற்றிலும் ந-வுக்கு முன்னால் கத்தியை வைத்தால் இரண்டாகப் பிளக்கும். பிளக்காத சொல்லில் தனி ந வருவது மிக அரிது. தாமிரபரணியின் பழைய பெயரான பொருநை அப்படி ஒன்று.

பேருந்துகளில் எழுதும் ‘ஓட்டுநர்’, ‘நடத்துநர்’ இந்தக் கத்திக்கு அழகாகப் பிளக்கும். ஓட்டு + நர், நடத்து + நர். வினையோடு சேர்ந்து ஆளைக் குறிக்கும் பழைய விகுதி ‘நர்’. அஞ்சலுறையில் எழுதும் பெறுநர், அனுப்புநர் ஆகியவற்றிலும் அதுவே. ‘ஓட்டுனர்’ என்று எழுதுகிறவர்கள் ‘உறவினர்’, ‘குழுவினர்’ போன்ற சொற்களின் பழக்கத்தில் எழுதுகிறார்கள். அவை பெயரோடு ‘இனர்’ சேர்ந்தவை. அங்கே ன சரி. வினையா பெயரா என்று ஒரு கணம் பார்த்தால் போதும். ‘இயக்குனர்’ சினிமா போஸ்டர்களில் வேரூன்றிவிட்டது. இயக்கு என்பது வினை என்பதால் இயக்குநர் என்பதே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘உறவினர்’ பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லிவிடலாம். இன்றைய வழக்கில் உள்ள இலக்கண உருபுகளிலும் விகுதிகளிலும் மூன்று சுழி ண கிடையாது. வந்தேன், வந்தான், மரத்தின், அன்புடன், ஓடினார்கள் என்று எல்லாம் ன. சொல்லின் வாலில் சந்தேகம் வந்தால், அது விகுதிதானா என்று மட்டும் கேட்டுக்கொண்டு இரண்டு சுழி போட்டுவிடலாம்.

அடுத்தது வேர்ச்சொல்லின் கடைசியில் நிற்கும் ண், ன். இங்கே அவிழ்க்க ஒட்டு இல்லை. ஆனால் ஜோடி எழுத்து இன்னொரு முறை கைகொடுக்கிறது. ண்-க்கு உறவு ட். ன்-க்கு உறவு ற். சொல் உருமாறும்போது இந்த உறவு வெளியே வந்துவிடும். உண் என்பது உண்டான் ஆகிறது, தின் என்பது தின்றான் ஆகிறது. இரண்டும் சாப்பிடுகிற வேலைதான். வேர் வேறு என்பதை ட-வும் ற-வும் காட்டிக்கொடுக்கின்றன. மண் மட்பாண்டம் ஆகிறது. பொன் பொற்றாமரை ஆகிறது. மதுரைக் கோயில் குளத்துக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தச் சந்தியைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைத் தலைகீழாகத் திருப்பிச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். நண்பன் என்பதில் மூணு சுழியா ரெண்டு சுழியா? நட்பு என்ற சொல்லைப் பக்கத்தில் வையுங்கள். ட் இருக்கிறது, ஆகவே ண். தண்ணீரின் ‘தண்’ சரியா? தட்பவெப்பம் என்கிறோமே, அதில் இருக்கும் தட்பம் சாட்சி. நுண்மைக்கு நுட்பம், திண்மைக்குத் திட்பம், காண்பதற்குக் காட்சி, மாண்புக்கு மாட்சி. மறுபக்கம் முன் முற்பகல், பின் பிற்பகல், தென் தெற்கு. சொல்லுக்கு இப்படி ட் அல்லது ற் உள்ள உறவுக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால் அகராதியே வேண்டாம். எல்லாச் சொல்லுக்கும் கிடைக்க மாட்டார் என்பதுதான் இந்தச் சோதனையின் எல்லை.

காது இங்கே மறுபடியும் ஏமாற்றப் பார்க்கும். எங்கள் பக்கம் ஒன்று என்பது ‘ஒண்ணு’, மூன்று என்பது ‘மூணு’. கன்றுக்குட்டியைக் ‘கண்ணுக்குட்டி’ என்பவர்களும் உண்டு. எழுத்தில் ன்ற இருந்தால் பேச்சில் ண்ண ஆகிவிடுவது வழக்கம். ஆனால் பன்றி ‘பண்ணி’ ஆகாமல் ‘பன்னி’ ஆகிறது. பேச்சைக் கொண்டு எழுத்தைச் சோதிக்க முடியாது. எழுத்தைக் கொண்டு பேச்சை விளக்கலாம், அவ்வளவுதான்.

இனி உயிருக்கு நடுவே வரும் ண, ன. மணம், மனம், பணி, பனி, ஆணை, ஆனை, கண்ணி, கன்னி. இரட்டித்து வந்தாலும் ஒட்டாக இல்லாதவற்றையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். பழைய பாடல்களில் தலையில் சூடும் பூமாலைக்குக் கண்ணி என்று பேர். பறவைக்கு வைப்பதும் கண்ணி. திண்டுக்கல் பக்கத்து ஊர் கன்னிவாடி. இங்கே இட விதியும் உதவாது, சந்தியும் உதவாது. சொல்லின் சுற்றத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பத்திரிகையில் ‘மணமார வாழ்த்த’ என்று வந்தது எப்படி? மணமக்கள், மணமேடை, திருமணம் என்று வரிக்கு வரி ண வந்ததில் கை பழகிவிட்டது. வாழ்த்துவது மனம் நிறைந்து. மனசு, மனப்பூர்வம், மனநிறைவு என்ற சுற்றத்தில் சேர்வது அது. மணம் வேறு வீடு: மணக்கும், மணமகன், நறுமணம். பூவின் வாசத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சொல் என்பது நிலக்கோட்டைக்காரர்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ள வசதி. பூவும் கல்யாணமும் மூணு சுழி. உள்ளம் ரெண்டு சுழி.

‘அணைவரும்’ அதே போல. அனைவர், அனைத்து ஆகியவற்றை அத்தனை, இத்தனை, எத்தனை என்பவற்றின் வரிசையில் நிறுத்திப் பாருங்கள்; எல்லாவற்றிலும் னை. அணைப்பது வேறு, கையால் அணைப்பது, விளக்கை அணைப்பது, ஆற்றை மறிக்கும் அணை. வைகைக் கரையில் நமக்கு அணைப்பட்டி இருக்கிறது. அணைவரும் வருக என்று அடித்தால் அணைப்பட்டிக்காரர்கள் மட்டும் வருவார்கள் என்று அச்சகத்தில் ஒரு பழைய நகைச்சுவை ஓடுகிறது. கேலியாக இருந்தாலும் ஒரு தடவை கேட்டவன் பிறகு அந்தப் பிழையைச் செய்வதில்லை.

சுற்றத்தைத் தேடும்போது பக்கத்து மொழிகளையும் விசாரிக்கலாம். ஆனால் யாரை விசாரிக்கிறோம் என்பது முக்கியம். கன்னடமும் மலையாளமும் ண-வையும் ன-வையும் கலக்காமல் வைத்திருக்கின்றன. நம் வெண்ணெய் கன்னடத்தில் பெண்ணெ, மலையாளத்தில் வெண்ண. எண்ணெய்க்கு மலையாளத்தில் எண்ண, கன்னடத்தில் எண்ணெ. மூன்று மொழியும் ஒத்துப்போகும்போது ண உறுதி. தெலுங்கு இங்கே நல்ல சாட்சி அல்ல. இரட்டித்த ண அங்கே ன ஆகிவிட்டது: கண் ‘கன்னு’, வெண்ணெய் ‘வென்ன’. திண்டுக்கல் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ந-வா ன-வா என்ற கேள்விக்கோ இம்மூன்று மொழிகளின் எழுத்தும் உதவாது. மலையாளிகள் வாயில் இரண்டையும் பிரித்துச் சொன்னாலும், எழுத இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் வைத்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது ‘உத்தராயனம்’. இது வடமொழிச் சொல். வடமொழி விதியால்தான் தீரும். பாணினி வகுத்த அந்த விதி கேட்க முரடாக இருந்தாலும் பயன்படுத்த எளிது. ஒரு சொல்லுக்குள் ர அல்லது ஷ வந்து, அதற்குப் பின்னால் ன வந்தால், அந்த ன மூன்று சுழி ண ஆகிவிடும். காரணம், தோரணம், உதாரணம், கிருஷ்ணன், கருணை எல்லாம் இப்படி வந்தவை. நடுவில் உயிரெழுத்தும் க, ப, ம, ய, வ போன்றவையும் இருந்தால் பரவாயில்லை; விதி அவற்றைத் தாண்டிப் போகும். ஆனால் ச, ட, த வகை எழுத்து குறுக்கே நின்றால் விதி அங்கேயே நின்றுவிடும். நாக்கு வேறு வேலைக்குப் போய்த் திரும்பும்போது பழைய மடிப்பை மறந்துவிடுகிறது.

இராமாயணத்தையும் ரசாயனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் முடிவும் ‘அயனம்’ என்ற ஒரே சொல். இராமாயணத்தில் ர-வுக்கும் ன-வுக்கும் நடுவே ம-வும் ய-வும் மட்டுமே இருக்கின்றன, ஆகவே ண. ரசாயனத்தில் ச குறுக்கே நிற்கிறது. ஆகவே ன அப்படியே. அர்ச்சனை, தரிசனம், பிரார்த்தனை, ஆராதனை எல்லாவற்றிலும் ர இருந்தும் ன வருவது இதனால்தான். ச-வோ த-வோ வழிமறிக்கிறது.

பஞ்சாங்கத்தின் இரண்டு அயனங்களும் இதே மாதிரி பிரிகின்றன. உத்தர + அயனம்: ர-வுக்குப் பின் ய மட்டும், உத்தராயணம். தட்சிண + அயனம்: ‘தட்சிண’ என்பதற்குள்ளேயே ஷகரத்தின் விளைவாக வந்த ண நிற்கிறது, அந்த ண-வே அடுத்த ன-வுக்குத் தடையாகிவிடுகிறது, தட்சிணாயனம். ஆறு மாதத்துக்கு மூணு சுழி, ஆறு மாதத்துக்கு ரெண்டு சுழி. பத்திரிகை அடிப்பவர்கள் இதை நாள்காட்டி போலச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

விதியைத் திருப்பிப் போடக் கூடாது. ர வந்தால் ண வரும் என்கிறதே தவிர, ர இல்லாத இடத்தில் ண வராது என்று சொல்லவில்லை. கல்யாணம், குணம், வீணை, கணபதி ஆகியவற்றில் ர இல்லை. ண வடமொழியிலேயே இயல்பாக இருக்கிறது. அவற்றை நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அநாதையா அனாதையா, அநுபவமா அனுபவமா என்பவை வேறு வகைச் சண்டை. வடமொழியில் அங்கே இருப்பது ஒரே எழுத்து. பழைய புத்தகங்கள் ந போட்டன, இன்றைய வழக்கு ன பக்கம் சாய்கிறது. அநீதி, அநியாயம் ஆகியவற்றில் ‘நீதி’யும் ‘நியாய’மும் தனியாகத் தெரிவதால் ந நிலைத்துவிட்டது. ‘அனுபவ’த்தில் பிளவு அந்த இடத்தில் இல்லை; அனு என்பது ஒரே முன்னொட்டு. அங்கே ன போடுவதில் தவறு காண எனக்கு விருப்பமில்லை. ஒரு புத்தகத்துக்குள் இரண்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியில் ஐந்தாவது பிழை: ‘ஆணி மாதம்’. இந்த ஒன்றுக்கு நான் சொன்ன எந்தச் சோதனையும் பிடிகொடுக்கவில்லை. ஒட்டு இல்லை, ட்-உம் ற்-உம் உள்ள உறவு இல்லை, ர-வும் இல்லை. பக்கத்து மொழிகளில் விசாரிக்கலாம் என்றால் மலையாளத்தில் அந்த மாதத்துக்கு மிதுனம் என்று பெயர். அகராதியைத்தான் திறக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்றைய வழக்குக்கு 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கைக்கு அடக்கம். எதைத் திறந்தாலும் சிலர் செய்யும் தவறு, ‘ஆணி’க்குப் பக்கத்தில் ‘ஆனி’யைத் தேடுவது. அது அங்கே இருக்காது. ண, நெடுங்கணக்கில் ட-வை அடுத்து நடுவில் வருகிறது. ன கடைசி எழுத்து. மணமும் மனமும், பணியும் பனியும் அகராதியில் பல பக்கம் தள்ளியே நிற்கும். பக்கத்தில் இல்லை என்பதால் ‘அப்படி ஒரு சொல்லே இல்லை’ என்று முடிவுகட்டி, கண்ணில் பட்ட ஆணியையே மாதமாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

பத்திரிகை ஐந்து திருத்தங்களோடு அச்சுக்குப் போனது. உங்கள் வீட்டுக் கல்யாணமும் ஆனியில் என்றால், அகராதியில் ஆகாரப் பகுதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.